வெளிச்சம் குறைந்த பிளாட்டுக்கு எந்தச் செடி?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் நெருக்கிக் கட்டிய பிளாட்டுக்குச் செடி வாங்கும் முன், பகல் 12 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் செய்தித்தாள் படித்துப் பாருங்கள். சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் மணி பிளான்ட் போதும். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் ஸீஸீ பிளான்ட்தான் சரி. மெதுவாகத்தான் வளரும், ஆனால் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சமாளித்துக்கொள்ளும். குரோட்டன்ஸ் கண்ணைப் பறிக்கும். நிழலில் நிறம் மங்கி இலையை உதிர்த்துவிடும், வேண்டாம்.

இங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். கடற்காற்றின் ஈரத்தில், நிழலில், தொட்டி சீக்கிரம் காயாது. நர்சரியில் நிரப்பித் தரும் தேங்காய் நார்த்தூள் மேலே காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். ஈரம் ஒட்டி வந்தால் ஊற்றாதீர்கள். தண்டின் அடி மெத்தென்றாகி மண் நாறினால் வேர் அழுகுகிறது. செடியை எடுத்து, அழுகிய வேரையும் கிழங்கையும் வெட்டிவிட்டு, பருமணல் தாராளமாகக் கலந்த புது மண்ணில் நடுங்கள்.

ஜன்னலோரச் செடியில் உப்பும் தூசியும் படியும். அவ்வப்போது ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். அப்புறம், வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் இரண்டு செடியையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும்.