பின்னோக்கி எழுதும்போது கூலியைப் பிரித்துவிடுங்கள்

டர்பனில் ஒரு மசாலா ஆலையின் மாதக் கணக்கை முடிக்கையில் நானே வழுக்கிய இடம் இது. உடனுக்குடன் உற்பத்தி முறையில், மாத இறுதி இருப்பை எண்ணி அதிலிருந்து பின்னோக்கி அடக்கத்தை எழுதுகிறோம். கொள்முதல் நேராக 'மூலப்பொருளும் செய்முறையில் உள்ளதும்' கணக்குக்குப் போகிறது. கூலியும் மேற்செலவும் முதலில் விற்ற சரக்கின் அடக்கத்துக்குப் போகின்றன.

தொடக்க இருப்பு 10,000 ராண்ட்; அதில் மூலப்பொருள் 8,000. கொள்முதல் 2,00,000. மாத இறுதியில் எண்ணிப் பார்த்த இருப்பு 13,000. அதில் மூலப்பொருள் 9,000.

முடிவுற்ற சரக்குக்கு மாற்றவேண்டியது 8,000 + 2,00,000 − 9,000 = 1,99,000. நான் மொத்த இருப்புகளைப் போட்டு 1,97,000 எழுதிவிட்டேன்!

இருப்பிலுள்ள கூலி, மேற்செலவு 2,000இலிருந்து 4,000 ஆகியிருக்கிறது. அந்த 2,000ஐ 'மூலப்பொருளும் செய்முறையில் உள்ளதும்' கணக்கில் பற்று, விற்ற சரக்கின் அடக்கத்தில் வரவு எனத் தனியே எழுதவேண்டும். பிறகு கணக்கின் மீதி 13,000 காட்டும். முடிவுற்ற சரக்கு இருப்புக்கும் இதே பிரிப்புதான்.