குடியிருப்பவர் ஒரு வருடம் கேட்டால், நீங்கள் மூன்று சொன்னால்

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டுக் குடியிருப்பவர் கடிதம் அனுப்பினால், “சரி, புதுப்பிக்கலாம்” என்று பதிலை ஆரம்பிக்காதீர்கள். அவர் கேட்டது ஒரு வருடம், அதே வாடகை. நீங்கள் நினைப்பதோ மூன்று வருடம், கூடுதல் வாடகை. அந்த ‘சரி’யைப் பிடித்துக்கொண்டு, பழைய வாடகைக்கே சம்மதித்தீர்கள் என்று அவர் வாதிட இடமுண்டு.

இப்படி எழுதுங்கள்: “நீங்கள் கேட்ட நிபந்தனைகளில் புதுப்பிக்க இயலாது. அதற்குப் பதிலாக என் முன்மொழிவு இது.” அப்புறம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஒவ்வொரு வருடத்துக்கான வாடகை. ‘மூன்று வருடம்’ என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து என்று பின்னால் சண்டை வரும்.

காலம் நீளும்போது குடியிருப்பவர் தயங்குவது வாடகைக்காக மட்டுமல்ல, நடுவில் காலி செய்ய முடியுமா என்பதற்காகவும் இருக்கலாம். முதல் வருடம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்று ஒரு வரி சேருங்கள். அவர் பதில் தர வேண்டிய கடைசித் தேதியையும் குறிப்பிடுங்கள். இருவரும் கையெழுத்திடும்வரை இது ஒப்பந்தமல்ல என்பதையும்.