நேர்கோட்டுத் தேவையில் நெகிழ்ச்சியும் மொத்த வருவாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொருளுக்கான தேவைச் சார்பு Q = 120 − 4P என்று கொடுக்கப்பட்டு, விலை 20 ஆக இருக்கும்போது புள்ளி நெகிழ்ச்சி என்ன என்று கேட்டால், பலரும் தயக்கமின்றி −4 என்று எழுதிவிடுகிறார்கள். −4 என்பது விலை ஓர் அலகு உயர்ந்தால் தேவை எத்தனை அலகு குறையும் என்பதை மட்டுமே சொல்லும் வகைக்கெழு. நெகிழ்ச்சியோ விழுக்காட்டு மாற்றங்களுக்கு இடையிலான விகிதம் என்பதால், அந்த வகைக்கெழுவை அந்தப் புள்ளியின் விலைக்கும் அளவுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கியாக வேண்டும்.

```
E = (dQ/dP) × (P/Q)
P = 20, Q = 40:  E = −4 × 20/40 = −2
P = 10, Q = 80:  E = −4 × 10/80 = −0.5
```

கோடு ஒன்றே, சாய்வும் ஒன்றே. ஆனாலும் P/Q என்ற விகிதம் புள்ளிக்குப் புள்ளி மாறுவதால் நெகிழ்ச்சியும் மாறுகிறது. இதை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். Q = 60 − 2P என்ற இன்னொரு சார்பின் வகைக்கெழு −2 மட்டுமே என்றாலும், விலை 20 ஆகும்போது அதன் நெகிழ்ச்சியும் −2 தான். இரண்டு கோடுகளும் விலை அச்சை 30 என்ற ஒரே இடத்தில் வெட்டுவதே இதற்குக் காரணம். நேர்கோட்டுத் தேவையில், குறியை நீக்கிய நெகிழ்ச்சி P/(30 − P) என்று சுருங்கிவிடுகிறது. அதில் சாய்வுக்கு இடமே இல்லை. இந்த 30க்குப் பதிலாக, எந்த விலையில் தேவை முற்றிலும் நின்றுபோகுமோ அந்த விலையை இட்டால், எந்த நேர்கோட்டுக்கும் இது பொருந்தும்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றும் தவறு, விலையை இடப்பக்கம் வைத்து P = 30 − Q/4 என்று சார்பு தரப்படும்போது நேர்கிறது. அதிலுள்ள −1/4 என்பது dP/dQ. நமக்கு வேண்டியது dQ/dP. தலைகீழாக மாற்றாமல் −1/4 ஐ அப்படியே பயன்படுத்தினால், விலை 20இல் நெகிழ்ச்சி −0.125 என்று வரும். விலையைச் செங்குத்து அச்சில் வரையும் பொருளியல் மரபே இந்தக் குழப்பத்துக்கு வழிவிடுகிறது என்பது என் எண்ணம். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் சாய்வு −1/4 தானே. தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கோட்டின் நடுப்புள்ளியில் விலை 15. அதற்கு மேற்பட்ட எந்த விலையிலும் நெகிழ்ச்சியின் எண்ணளவு 1ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 20இல் 0.125 வந்தால் கணக்கு எங்கோ புரண்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எண்ணளவு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: எண்வரிசையில் −2 என்பது −0.5ஐவிடச் சிறியது என்பதால், குறியோடு ஒப்பிடுபவர்கள், எண்ணளவு 1ஐவிடக் கூடுதலான நெகிழ்ச்சியுள்ள பகுதியையும் 1ஐவிடக் குறைவான நெகிழ்ச்சியற்ற பகுதியையும் இடம் மாற்றிவிடுகிறார்கள்.

இனி மொத்த வருவாய்க்கு வருவோம். விலையையும் அளவையும் பெருக்கினால் R = 120P − 4P² என்று கிடைக்கும். விலை 25, 20, 15, 10, 5 என இறங்கும்போது வருவாய் முறையே 500, 800, 900, 800, 500 என்று ஏறி இறங்குகிறது. நெகிழ்ச்சி −1 ஆக இருக்கும் நடுப்புள்ளியில் வருவாய் உச்சத்தைத் தொடுவது தற்செயல் அல்ல. வருவாயை விலையைப் பொறுத்து வகையிட்டால் dR/dP = Q(1 + E) என்று வருகிறது; E = −1 ஆகும் இடத்தில் அது சுழியாகிறது, அதற்கு மேலே எதிர்மறையாகவும் கீழே நேர்மறையாகவும் அமைகிறது.

இந்த உறவைச் சரியாகக் கற்றவர்களும் ஓரிடத்தில் இடறுகிறார்கள். விலை 20இல் தேவை நெகிழ்ச்சியுள்ளது, ஆகவே விலையைக் குறைத்தால் வருவாய் கூடும் என்பது சரி. எவ்வளவு குறைத்தாலும் கூடும் என்பது சரியல்ல. 20லிருந்து 18க்கு இறக்கினால் அளவு 48 ஆகி வருவாய் 864 ஆகிறது. 10 வரை இறக்கினால் வருவாய் 900ஐத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பழைய 800க்கே வந்து நிற்கிறது. புள்ளி நெகிழ்ச்சி அந்தப் புள்ளியை ஒட்டிய சிறு மாற்றத்துக்கே விடை சொல்லும். விலை மாற்றம் பெரிதாக இருந்தால், தொடக்க, இறுதி நிலைகளின் வருவாயை நேரடியாகக் கணக்கிட்டு ஒப்பிடுவதே நம்பகமானது.

வருவாய் உச்சமான 15ஐ ஆதாயம் உச்சமாகும் விலை என்று எழுதுவதும் பிழையே. கூடுதலாக ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் இறுதிநிலைச் செலவு 6, வேறு செலவு இல்லை என்று கொள்வோம். விலை 15இல் 60 அலகுகள் விற்று, அலகுக்கு 9 வீதம் 540 ஆதாயம் கிடைக்கிறது. கூடுதலாக ஓர் அலகு விற்பதால் கிடைக்கும் இறுதிநிலை வருவாயான 30 − Q/2 என்பதை 6க்குச் சமப்படுத்தினாலோ Q = 48, P = 18 என்று வந்து, ஆதாயம் 576 ஆக உயர்கிறது. அந்தப் புள்ளியில் நெகிழ்ச்சி −1.5. இறுதிநிலைச் செலவு சுழியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை, தனியுரிமை விற்பனையாளருக்கு ஆதாயம் உச்சமாகும் விலை கோட்டின் மேல்பாதியில்தான் அமையும்.