பீலியில் தண்ணீர் வரவில்லை: ஒரு கடிதத்துக்குக் குறியிடுவோம்

மலையகத் தோட்டங்களில் எழுதப்படும் முறைப்பாட்டுக் கடிதங்கள் பல, மூச்சுவிடாமல் ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. தோட்டத் துரைக்கு எழுதிய அப்படி ஒன்றை எடுத்து, படிப்படியாக நிறுத்தக்குறியிட்டுப் பார்ப்போம்.

"ஐயா எங்கள் லயத்துப் பீலியில் மூன்று நாட்களாகத் தண்ணீர் வரவில்லை பிள்ளைகள் முதியவர்கள் நோயாளிகள் ஆகியோர் சிரமப்படுகிறார்கள் குழாயை எப்போது திருத்துவார்கள் என்று கங்காணியிடம் கேட்டோம் அவருக்கும் தெரியவில்லை எனவே நீங்கள் நேரில் வந்து பார்ப்பீர்களா"

படி 1: வினைமுற்றைத் தேடுங்கள். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. வரவில்லை, சிரமப்படுகிறார்கள், கேட்டோம், தெரியவில்லை ஆகிய நான்கின் பின்னும் முற்றுப்புள்ளி வரும். "வந்து" என்பது எச்சம். அடுத்த வினைக்காகக் காத்து நிற்பதால் அங்கே புள்ளி வராது. "திருத்துவார்கள்" வினைமுற்றுதான். ஆனால் பின்னால் வரும் "என்று" அதைப் பிடித்து அடுத்த வினையோடு சேர்த்துவிடுகிறது. ஆகவே அங்கும் வாக்கியம் முடியவில்லை.

படி 2: கேட்பது யார் என்று பாருங்கள். அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். "எப்போது" என்ற சொல்லைக் கண்டவுடன் வினாக்குறி போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வாக்கியம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, கேட்டதைத் தெரிவிக்கிறது. எனவே "கேட்டோம்" என்பதன் பின் முற்றுப்புள்ளிதான். அதே கேள்வியைப் பேசியபடியே எழுதினால் நிலைமை மாறும்:

கங்காணியிடம், "குழாயை எப்போது திருத்துவார்கள்?" என்று கேட்டோம்.

இங்கே வினாக்குறி மேற்கோளுக்குள் நிற்கிறது. வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடிகிறது. கடைசி வாக்கியமோ துரையை நேராகக் கேட்கிறது. "பார்ப்பீர்களா" என்பதற்கு வினாக்குறி கட்டாயம்.

படி 3: காற்புள்ளி. விளித்தால் காற்புள்ளி போட வேண்டும். "அம்மா கை வலிக்கிறது" என்றால் வலி அம்மாவின் கையில் என்று படிக்கலாம்; "அம்மா, கை வலிக்கிறது" என்றால் வலி பிள்ளைக்கு. அடுக்கி வரும் பெயர்களுக்கு இடையிலும் போடுங்கள், "ஆகியோர்" என்பதற்கு முன் வேண்டாம். "பிள்ளைகளும் முதியவர்களும்" என்று எழுதினால் "உம்" இணைப்பதால் காற்புள்ளி தேவையில்லை. "எனவே" என்று தொடங்கினால் அதன்பின் ஒன்று போடலாம். எழுவாய்க்குப் பின் மட்டும் காரணமின்றிப் போடாதீர்கள்: "நாங்கள், கேட்டோம்" என்பது பிழை.

குறிக்கு முன் இடைவெளி விடாமல், பின் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

"ஐயா, எங்கள் லயத்துப் பீலியில் மூன்று நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோர் சிரமப்படுகிறார்கள். குழாயை எப்போது திருத்துவார்கள் என்று கங்காணியிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. எனவே, நீங்கள் நேரில் வந்து பார்ப்பீர்களா?"