இயந்திரத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா: பணக் கணக்கு போடும் முறை

பட்டறைக்கு ஒரு பெரிய கம்ப்ரஸர் தேவைப்பட்டபோது நான் போட்ட கணக்கின் முறை இது. எண்களைச் சுலபமாக்க முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். எந்த இயந்திரத்துக்கும் இதே முறைதான். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் என்று எதில் வேண்டுமானாலும் செய்யலாம். இதற்கென்று தனி மென்பொருள் வாங்காதீர்கள். ஆயத்தக் கால்குலேட்டர்களும் வேண்டாம், உள்ளே எந்தச் செலவைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்க முடியாது.

முதலில்: எந்தச் செலவைக் கணக்கில் எடுப்பது?

ஒவ்வொரு செலவையும் பார்த்து இரண்டே கேள்விகள். இனிமேல் கையிலிருந்து பணமாகப் போகுமா? வாங்கினால் ஒரு தொகை, வாடகை என்றால் வேறு தொகை என்று மாறுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் உள்ளே வரட்டும்.

இயந்திரத்தை ஓட்டுபவரின் சம்பளமும் மின்கட்டணமும் இரண்டு வழியிலும் ஒன்றுதான், எனவே வெளியே. ஆலோசகருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டணம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்பாது, அதுவும் வெளியே.

தேய்மானத்தில்தான் பலர் இடறுகிறார்கள். கம்ப்ரஸர் விலை 5,00,000. ஐந்து வருடம் ஓடும், கடைசியில் 75,000-க்கு விற்கலாம். கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 85,000 தேய்மானம் எழுதுவார்கள். ஆனால் அந்த 85,000-ஐ யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தது முதல் நாள் 5,00,000, திரும்ப வந்தது கடைசி நாள் 75,000. இரண்டுக்கும் இடையிலான 4,25,000-ஐ ஐந்தாகப் பிரித்து எழுதியதுதான் தேய்மானம். விலையையும் போட்டு தேய்மானத்தையும் போட்டால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். வாங்குவது அநியாயத்துக்கு விலை கூடியதாகத் தெரியும். தேய்மானத்தால் வரி குறைகிறது என்றால், அப்படி மிச்சமாகும் வரித்தொகை மட்டும் பணம், அதைத் தனி வரவாகச் சேர்க்கலாம். இங்கே வரியை விட்டுவிடுகிறேன்.

அடுத்து: வருடவாரியாக எழுதுவது

வாங்கினால் சர்வீஸும் காப்பீடும் சேர்த்து வருடம் 28,000. மூன்றாம் வருடம் பெரிய பழுதுபார்ப்புக்கு 35,000. வாடகை என்றால் வருடம் 1,30,000, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் கட்ட வேண்டும், சர்வீஸும் காப்பீடும் வாடகைக்கு விடுபவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இதை வரிக்கு வரி படியுங்கள். "வழக்கமான தேய்ந்த பாகங்கள் வாடகைதாரர் செலவு" என்று ஒரு வரி இருந்தால் கணக்கே மாறும்.

0 என்பது இன்று, 1 என்பது முதல் வருட முடிவு. முதல் வருட முடிவும் இரண்டாம் வருடத் தொடக்கமும் ஒரே நாள்தான், அதனால் இரண்டாம் வாடகை 1-இல் வரும். போகும் பணத்துக்கு கழித்தல் குறி.

```
A     B         C         D
0   -500000   -130000   -370000
1    -28000   -130000    102000
2    -28000   -130000    102000
3    -63000   -130000     67000
4    -28000   -130000    102000
5     47000         0     47000
```

B வாங்குவது, C வாடகை, D இரண்டின் வித்தியாசம் (B கழித்தல் C). தலைப்பு முதல் வரிசையில் இருப்பதால் எண்கள் 2 முதல் 7 வரை இருக்கும். ஐந்தாம் வருடம் B-இல் 47,000 எப்படி? 75,000 விற்று வந்தது, 28,000 செலவு.

சும்மா கூட்டினால் வாங்குவதற்கு 6,00,000, வாடகைக்கு 6,50,000. வாங்குவதே 50,000 லாபம் என்று தோன்றும். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பணம் எப்போது போகிறது என்பது

5,00,000 இன்றே போகிறது. வாடகையில் பெரும்பங்கு பின்னால் போகிறது. இடையில் அந்தப் பணம் உங்களிடம் இருந்தால் கடனை அடைக்கலாம், சரக்கு வாங்கலாம். ஆகவே உங்களுக்குக் கடன் என்ன வட்டியில் கிடைக்கிறதோ அதை வைத்து எல்லாத் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்:

```
=B2+NPV(10%,B3:B7)
=C2+NPV(10%,C3:C7)
```

வாங்குவது சுமார் 5,85,900, வாடகை சுமார் 5,42,100. இப்போது வாடகைதான் ஏறக்குறைய 44,000 மலிவு! முடிவு தலைகீழாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். `NPV` தனக்குக் கொடுத்த முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் B2-வை வெளியே வைத்துக் கூட்டினோம். `=NPV(10%,B2:B7)` என்று எழுதினால் இன்று கொடுக்கும் 5,00,000-மும் ஒரு வருடம் தள்ளிப்போய், வாங்கும் செலவு 5,32,600 என்று வரும். வாடகையைச் சரியாகப் போட்டு இதை மட்டும் தவறாகப் போட்டால், வாங்குவதே மலிவு என்று காட்டும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி, வீதத்தை 0% ஆக மாற்றி 6,00,000 வருகிறதா என்று பார்த்து, பிறகு 10% போட்டு, B3 முதல் B7 வரை தற்காலிகமாக 0 ஆக்கினால் விடை 5,00,000 குறையாமல் அப்படியே நிற்கிறதா என்று கவனிப்பது. 0% மட்டும் போட்டால் இந்தத் தவறு தெரியாது.

எந்த வட்டியில் முடிவு மாறுகிறது என்று அறிய D-இல் உள்ள வித்தியாசம் உதவும்:

```
=IRR(D2:D7)
```

சுமார் 4.8% வரும். உங்கள் பணத்தின் வட்டி அதற்குக் கீழே என்றால் வாங்குங்கள், மேலே என்றால் வாடகை. எனக்கு இந்த ஒரு எண்தான் ரொம்பப் பிடிக்கும், "10 சதவீதம் சரியா, 9 சரியா" என்ற வாதமே தேவைப்படாது.

பின்சேர்க்கை 1: வாடகைக்கு 50,000 டெபாசிட் கேட்கிறார்கள், திரும்பக் கிடைக்கும், அதைச் சேர்க்க வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கட்டாயம் சேர்க்க வேண்டும். 0-இல் போகும், 5-இல் வரும். ஐந்து வருடம் முடங்குவதால் 10 சதவீதத்தில் அதன் செலவு சுமார் 19,000. வாடகையின் மொத்தம் 5,61,000-ஐ ஒட்டி வரும், இன்னும் வாடகையே மலிவு.

பின்சேர்க்கை 2: வருடம் முழுக்க வேலை இல்லை, நாள் வாடகைக்கு எடுத்தால் என்ன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. வாங்கும் செலவான 5,85,900-ஐ வருடத் தொடக்கங்களில் கட்டும் ஐந்து சம தவணைகளாக்குங்கள்:

```
=PMT(10%,5,-585900,0,1)
```

ஏறக்குறைய 1,40,500 வரும். வருட வாடகையை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டால், நாள் வாடகை 1,000 என்றால், வருடத்துக்கு 140 நாளுக்குக் கீழே ஓடுமானால் நாள் வாடகை, அதைத் தாண்டினால் சொந்தம். நாள் வாடகையை வேலை நடக்கும்போதுதான் கொடுப்பீர்கள் என்பதால் உண்மையான எல்லை இதைவிடச் சற்று மேலே இருக்கும். கொண்டுவரும் வண்டிச் செலவு ஒவ்வொரு முறையும் தனியாக வாங்குகிறார்களா என்று கேட்டு நாள் வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுகிய வேலைகள் அதிகம் என்றால் அந்த எல்லையை வெகுவாகக் கீழே இழுப்பது அதுதான்.