ஃபிஸ்டுலாவில் அதிர்வு நின்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காதீர்கள்

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவின் தழும்பின் மேல் விரல்களை வைத்தால், மாவு மில் ஓடும்போது அதன் சுவரைத் தொட்டதுபோல் ஓர் அதிர்வு தெரியும். தமனியின் ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் எழும் அதிர்வு அது. காலையிலும் இரவிலும் அதைத் தொட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடைப்பு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தெரியாமல் போகிறது.

ஒருவருக்குச் சனிக்கிழமை டயாலிசிஸ் முடியும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது என்று வையுங்கள். ஊசி போட்ட இடத்தில் சுற்றிய கட்டைத் தளர்த்தாமல், அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிடுகிறார். ஞாயிறு காலை அதிர்வு இல்லை. வலியும் இல்லாததால், "செவ்வாய்க்கிழமை போகும்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார். இதுதான் பெரிய தவறு. அதிர்வு நின்றால் ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். உறைந்த ரத்தத்தை முதல் ஓரிரு நாட்களுக்குள் அகற்றினால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். செவ்வாய்க்கிழமை வரை விட்டால் டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் குழாய் போட வேண்டிவரலாம். ஞாயிறானாலும் அப்போதே டயாலிசிஸ் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அங்கே யாரும் எடுக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்களாக அந்தக் கையை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

ரத்தம் நின்ற பிறகும் கட்டை இறுக்கமாகவே வைத்திருக்காதீர்கள். எப்போது அவிழ்ப்பது என்று கிளம்பும் முன்பே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டு இருக்கும்போதும் அதிர்வு தெரிய வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். வளையல், கைக்கடிகாரம், இறுக்கமான சட்டைக்கை எதுவும் வேண்டாம். பேதி, வாந்தியால் உடம்பில் நீர் குறைந்த நாட்களில் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். அப்போதும் ரத்தம் உறையலாம்.

அதிர்வு முழுதாக நிற்கும் முன் சில அறிகுறிகள் தென்படலாம். தொடர்ந்த அதிர்வுக்குப் பதில் 'டக் டக்' என்ற துடிப்பு மட்டும் தெரிவது, கை வீங்குவது, ஊசி எடுத்த பின் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆவது ஆகியவை சிரை எங்கோ சுருங்குவதைக் காட்டலாம். இவற்றைத் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

ஊசி போட்ட இடத்தின் பொருக்கை உரிக்காதீர்கள். அந்த இடம் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக் கட்டாதீர்கள். ரத்தத்தைத் துண்டு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கசிவு நிற்காது. மடித்த சுத்தமான துணியை அந்தத் துளையின் மேலேயே வைத்து, விரலால் விடாமல் அழுத்துங்கள். கையை உயர்த்திப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். இடையிடையே எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபிஸ்டுலாவின் மேல்தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு பெரிதாகிக்கொண்டே போனாலோ, ரத்தம் வரும் வரை காத்திராமல் அப்போதே காட்டிவிடுங்கள்.