கவுண்டரை விட்டு நகருமுன்

கல்முனையில் கடைக் காசை வங்கியில் போடும்போது, வைப்புச் சிட்டையின் அடிக்கட்டையையும் அச்சடித்த ரசீதையும் கவுண்டரிலேயே பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் 5000 தாள் 12, 1000 தாள் 23, 500 தாள் 9, 100 தாள் 15 கொடுத்தேன். மொத்தம் 89,000. ரசீதில் 84,500. குறைவது 4,500, அது அப்படியே என் அடிக்கட்டையில் 500 தாளுக்கு எழுதிய தொகை. அதனால் "காசு குறையுது" என்று சொல்லாமல், "தங்கச்சி, 500 தாள் 9ஐயும் ஒருக்கா பாருங்கோ" என்றேன். எண்ணும் இயந்திரத்துக்குப் பின்னால் அந்தத் தாள்கள் தனியாகக் கிடந்தன. காசாளர் பழைய பதிவை ரத்துச் செய்து புது ரசீது தந்தார். வெளியே போய்த் திரும்பியிருந்தால் இதை நிரூபிப்பது பெரும்பாடு.

கணக்கு இலக்கத்தோடு ரசீதில் அச்சாகும் பெயரையும் வாசியுங்கள். ஓர் இலக்கம் மாறி வேறொருவர் கணக்குக்குப் போனால் பெயர்தான் உடனே காட்டிக்கொடுக்கும்.

செக் என்றால், கொடுக்குமுன் அதைப் படமெடுத்துவிடுவேன். அப்புறம் ரசீதில் செக் இலக்கம், வங்கிக் கிளை, தொகை மூன்றையும் படத்தோடு ஒப்பிடுவேன். அந்த ரசீது செக்கைப் பெற்றதற்கு மட்டும்தான். செக் தீர்வாகும்வரை அந்தக் காசை நம்பிச் சரக்குக்காரருக்கு நான் செக் எழுதுவதில்லை.